லேப்டாப்பில் காணாமல் போகும் பேஸ்

கேள்வி: வீட்டில் மிக்ஸ் செய்த பாட்டு அறை ஸ்பீக்கரில் நன்றாக இருக்கிறது. லேப்டாப்பில் பேஸ் கிடாரே கேட்கவில்லை, இயர்போனிலோ அதே பேஸ் காதை அடைக்கிறது. எதை நம்புவது?

முதலில் உங்கள் நாற்காலியைச் சந்தேகப்படுங்கள். நானும் இதே குழியில் விழுந்தவன்தான். என் அறையின் நீளம் 3 மீட்டர். அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலை உருவாகும். சுவரோரம் அது முழங்கும், அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ மறைந்துவிடும். நான் உட்கார்ந்திருந்தது நட்டநடுவில். பாட்டில் பேஸ் அடிக்கடி வந்து நின்ற சுரமோ 55 ஹெர்ட்ஸ். காதில் விழவில்லையே என்று அதை 5 டெசிபல் ஏற்றிவிட்டேன். இயர்போனுக்கு அறை ஏது? ஏற்றியது முழுவதும் அங்கே அப்படியே கேட்டது.

நாற்காலியை முன்சுவரிலிருந்து சுமார் 1.1 மீட்டருக்கு நகர்த்தினேன். போன பேஸ் திரும்பி வந்தது, ஏற்றியதை இறக்கினேன். இயர்போன் அடங்கியது. லேப்டாப்பில் மட்டும் இன்னும் மௌனம்.

அதில் வியப்பில்லை. பெரும்பாலான லேப்டாப் ஸ்பீக்கர்களால் 55 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஈக்யூவில் எவ்வளவு ஏற்றினாலும் மற்ற ஸ்பீக்கர்களில் கேட்பதுதான் கெடும். ஆனால் அதன் மடங்குகளான 220, 275, 330 ஹெர்ட்ஸ் கேட்டால் போதும், அடியில் இல்லாத 55-ஐ நம் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே பேஸ் டிராக்கைப் பிரதி எடுத்து, பிரதியில் அந்த மடங்குகளை எழுப்பும் சாச்சுரேஷன் சேர்த்து, அதன் பிறகு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். அசலுக்கு அடியில் மெல்லக் கலந்தேன். லேப்டாப்பில் 'பேஸ் அதிர்கிறதா' என்று பார்க்காதீர்கள். பேஸின் மெட்டை உங்களால் முணுமுணுக்க முடிந்தால் அங்கே வேலை முடிந்தது. அறை ஸ்பீக்கரில் கரகரப்புத் தெரிந்தால் பிரதி கூடிவிட்டது என்று பொருள்.

ஒப்பிடும்போது மூன்றிலும் சத்தம் ஒரே அளவில், பேச்சுக்குரல் அளவில் இருக்கட்டும். சத்தமாகக் கேட்பதெல்லாம் நல்ல மிக்ஸாகவே தோன்றும். நன்கு பழகிய பாட்டு ஒன்றையும் அதே அளவுக்கு இறக்கி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். குறையைக் கேட்டவுடன் கை வைக்காமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களில் தெரிகிற குறையை மிக்ஸில் திருத்துவேன். ஓர் இடத்தில் மட்டும் தெரிந்தால் முதலில் அந்தக் கருவியின் இயல்பா என்று பார்ப்பேன். எதிரொலி இயர்போனில் தூக்கலாகக் கேட்பது அப்படிப்பட்டதுதான், அறை தன் பங்கு எதிரொலியால் அதை மறைத்துவிடும்.

கடைசியாக மோனோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். இயர்போனில் தலையைச் சுற்றிப் பரந்திருந்த என் கீபோர்டு, அழுத்தியதும் பாதியாகக் கரைந்தது. அகலப்படுத்தும் ப்ளக்-இன் இடப்பக்க, வலப்பக்க ஒலிகளை, ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்கும்படி எதிரெதிர் கட்டத்தில் வைத்திருந்ததால், சேர்ந்ததும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. அதை நீக்கிவிட்டு, கீபோர்டை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இரு பக்கமும் வைத்தேன்.