நகரத்துக்குள் போனால் மட்டும் GTA V திணறுவது ஏன்?

கேள்வி: GTA V-ல் கிராபிக்ஸ் கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்கிறது. ஆனால் ஊருக்குள் போனால் எஃப்.பி.எஸ். 45க்கு இறங்குகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தும் பலன் இல்லை. எதைக் குறைக்க வேண்டும்?

ரெசல்யூஷனைக் குறைத்தும் அதே 45 நின்றால், தடை பிராசஸரில்தான் இருக்கிறது. கார்டு சும்மா காத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 55 சதவீதம் என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், அது எல்லாக் கோர்களின் சராசரி. ஒரு கோர் முழுக்க நிரம்பிவிட்டால் மற்றவை ஓய்வாக இருந்தும் பயனில்லை.

60 எஃப்.பி.எஸ். வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் நடைபாதையில் போகிற ஒவ்வொருவரும் எங்கே திரும்புவார், யார்மீது மோதுவார் என்பதையும், சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு டாக்ஸியும் எப்போது கிளம்பும் என்பதையும் பிராசஸர் கணக்குப் போடுகிறது. அப்புறம், கண்ணுக்குத் தெரிகிற பொருள்களை வரையச் சொல்லி கார்டுக்கு உத்தரவு அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரம் கூடக் கூட அந்த உத்தரவுகளும் பெருகும். 720p-இல் ஓட்டினாலும் ஆட்களின் எண்ணிக்கை குறையாதே.

என்னிடம் நாலு கோர் ஐ5 இருந்தபோது லீஜியன் ஸ்கொயர் பக்கம் இதே கதைதான். முதலில் Advanced Graphics-இல் பாதியளவில் இருந்த Extended Distance Scaling-ஐப் பூஜ்யமாக்கினேன், 45 என்பது 53 ஆனது. மலைமேல் ஏறி நகரத்தைப் பார்த்தால் மட்டும்தான் வித்தியாசம் தெரிந்தது. தெருவில் நின்றால் எப்படியும் கட்டடங்கள் மறைத்துக்கொள்கின்றன. அடுத்து Population Density-ஐ முழு அளவிலிருந்து பாதியாக்கினேன், 60ஐத் தொட்டது. தெரு கொஞ்சம் காலியானதுபோலத் தெரியும், ஆனால் வெறிச்சோடிவிடாது. அதைப் பூஜ்யம்வரை இறக்காதீர்கள், நகரத்தின் உயிரே போய்விடும்.

Population Variety-ஐக் குறைப்பதில் பெரிய லாபம் இல்லை. அது எத்தனை பேர் என்பதை அல்ல, எத்தனை விதமான ஆட்கள், வண்டிகள் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தச் சுமை பெரும்பாலும் கார்டின் மெமரிமீதுதான்.

சாதாரண Distance Scaling-ஐக் குறைத்துப் பார்த்துவிட்டு, பழைய அளவுக்கே மாற்றிவிட்டேன். அதைக் குறைத்தபோது வேகமாக ஓட்டுகையில் விளக்குக் கம்பங்களும் வேலிகளும் கண்ணெதிரே திடீரென்று முளைத்தன. ஓட்டுகிறவருக்கு 4 எஃப்.பி.எஸ். போவதைவிட அதுதான் அதிக எரிச்சல்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்டோரி மோடில் Graphics பக்கத்தில் இருந்தபடி Tab அழுத்தினால் பெஞ்ச்மார்க் ஓடும். ஐந்து காட்சிகளில் கடைசியானது நீளமானது, போக்குவரத்து நெரிசலுக்குள் கார் ஓடும் பகுதி அதில்தான் வருகிறது. அந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். வண்டிகள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வராது என்பதால் எண் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு தடவை ஓட்டிவிடுங்கள்.