இன்டர்ன்ஷிப் முடிந்த பிறகு யாருக்கு எழுதுவது?

இன்டர்ன்ஷிப் முடிந்து சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, ஆனால் அங்கே தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் மேலாளரை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவரிடம் மாணவர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைத் திருத்திக் கொடுத்தாரே, அவருக்குத்தான் நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்று தெரியும். அவருக்கு எழுதுங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி ஆறு வாரம் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்தாள். கடைசி வாரத்தில், தான் கண்டுபிடித்த பிழைகள் எவை, எதைத் தொட்டால் அவை மறுபடி வரும், எவை இன்னும் பாக்கி என்று ஒரே பக்கத்தில் எழுதி, தன்னை வழிநடத்திய பொறியாளரிடம் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து அவருக்கு எழுதினாள்: "சார், பிழைகளைப் பதியும்போது யார் பொறுப்பு என்றும் சேர்த்து எழுதச் சொன்னீர்கள். எங்கள் புராஜெக்ட் டீமில் அப்படியே செய்கிறோம். ஒரே பிழையை இரண்டு பேர் திருத்துவது நின்றுவிட்டது. ஒரு சந்தேகம்: பழைய பிழை திரும்பி வந்தால் புதிதாகப் பதிவதா, பழையதையே திறப்பதா?" இரண்டு வரியில் பதில் வந்தது. அவள் கடிதத்தில் வேலை கேட்டு ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இறுதியாண்டில், "சிபாரிசுக்கு உங்கள் பெயரைக் குறிப்பிடலாமா சார்?" என்று கேட்டபோது அவர் தயங்கவில்லை.

எப்போதோ ஒருமுறை பேசுகிறவர் நமக்கு என்ன செய்துவிடப் போகிறார் என்று தோன்றும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் வேலை மாறியவர்களிடம் இதை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினரே அடிக்கடி சந்திப்பவர் வழியாக அதைப் பெற்றிருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது சந்திப்பவரோ, அரிதாகச் சந்திப்பவரோதான் வழி. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அது சிறிய ஆய்வுதான், ஆனாலும் அந்தக் காரணம் உங்களுக்கும் பொருந்தும்.

கல்லூரி மன்றத்தில் சேர்ந்தால், சிறப்புப் பேச்சாளர்களுக்கு அழைப்பு எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வெளியாட்களுடன் பேச அது நேரான காரணம் தரும். புராஜெக்ட் டீமில் உங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர்களை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் ஏதோ ஒரு நிறுவனத்துக்குள் இருப்பார்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். ஒருவர் பரிந்துரைத்தால் உங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துப் படிப்பார்கள். நேர்காணலில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். இப்போதைக்கு, இன்டர்ன்ஷிப்பில் உங்கள் வேலையைத் திருத்தியவர்களின் பெயர்களையும், ஒவ்வொருவரும் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயத்தையும் தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். முதல் கடிதத்தை அதிலிருந்து எழுதலாம்.