ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே சம்பளம் கேட்கலாமா?

"சார், பெருங்குடியில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். சிடிசி 9 லட்சம். ஜூலையில் கூட இருந்தவர் ரிசைன் பண்ணிவிட்டுப் போனதிலிருந்து அவர் வேலையும் என் தலையில்தான், இன்னும் ஆள் போடவில்லை. சம்பளம் பற்றிக் கேட்டால் 'ஏப்ரலில் பார்க்கலாம்' என்கிறார் மேனேஜர். தம்பி கடை போட கிரெடிட் கார்டில் எடுத்துக் கொடுத்தது 1,40,000 ரூபாய் அப்படியே நிற்கிறது. ஹைக் வந்ததும் அடைத்துவிடலாம் என்று மினிமம் மட்டும் கட்டி வருகிறேன். ஒரு ஆப்பில் சம்பள அட்வான்ஸ் தருகிறேன் என்று தினமும் மெசேஜ் வருகிறது, எடுக்கலாமா? நடுவில் ஹைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?"
– ஒரு வாசகி, மேடவாக்கம்

அட்வான்ஸ் ஆப் வேண்டாம். அடுத்த மாதச் சம்பளத்தை இந்த மாதமே கட்டணம் கொடுத்து வாங்குகிறீர்கள், அடுத்த மாதம் அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு அட்வான்ஸ் எடுப்பீர்கள். இதைப் புதுமை என்று விற்கிறார்கள், எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

உங்களை உண்மையில் அரிப்பது 'ஹைக் வந்ததும் அடைத்துவிடலாம்' என்ற அந்தப் பழக்கம்தான். 9 சதவீத ஹைக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 81,000. சிடிசியில் பாதி பேசிக், முழு பேசிக்குக்கும் பிஎஃப் பிடிக்கிறார்கள் என்றால், இரு பக்க பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் போய் கைக்கு வருவது மாதம் சுமார் 5,800 ரூபாய். இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வருமான வரி இல்லை என்பதால் இவ்வளவாவது வருகிறது. இப்போது கார்டைப் பாருங்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 4,900, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 5,780. நீங்கள் மினிமம் என்று 7,000 ரூபாய் போலக் கட்டினால் அசலில் குறைவது ஆயிரத்துச் சொச்சம்தான். அதாவது ஏப்ரலில் வரப்போகும் மொத்த ஹைக்கும் இந்த ஒரு கார்டின் வட்டிக்குச் சமம். அதை நம்பி அடைப்பது எப்படி? இந்த வாரமே வங்கியில் நகைக்கடனோ, அது முடியாவிட்டால் 16 சதவீதம் மாதிரி வட்டியில் ஒரு தனிநபர் கடனோ எடுத்துக் கார்டை முழுசாக அடையுங்கள். தனிநபர் கடன் என்றால் இரண்டு வருடத்துக்கு மாதத் தவணை கிட்டத்தட்ட 6,850 வரும். இப்போது கட்டுகிற அதே பணம்தான், ஆனால் கடன் முடியும். தம்பியிடம் மாதம் இவ்வளவு, இந்தத் தேதிக்கு என்று பேசி வாங்குங்கள், அந்தக் கார்டை அவர் தேவைக்கு மறுபடி எடுக்காதீர்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். உங்கள் மேனேஜர் 'ஏப்ரல்' என்று சொல்வதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் அது நிஜம். நிதியாண்டு தொடங்குமுன் கம்பெனி, மொத்தச் சம்பளச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஒரு தொகையை ஒதுக்கும், அது பிரிந்து பிரிந்து ஒவ்வொரு குழுவுக்கும் வரும். மேனேஜர் அதற்குள்தான் பங்கு போட முடியும், ஒருவருக்கு 15 கொடுத்தால் இன்னொருவருக்கு 6தான். எல்லோரையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதைப் பிரிக்க முடியும். ஏற்றிய சம்பளத்தைத் திரும்ப இறக்கவும் முடியாது, அது அடுத்தடுத்த வருடமும் பிஎஃப்போடும் கிராஜுவிட்டியோடும் சேர்ந்து தொடரும் செலவு. அதனால்தான் வருடத்தில் ஒரே ஒரு கதவு. நடுவில் கேட்டால் அவர் கையில் பணமே இருக்காது, எச்ஆர், ஃபைனான்ஸ், அவருக்கு மேலே இருப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்கள் என்பதற்காக யாரும் இவ்வளவு தூரம் அலைய மாட்டார்கள், அதற்குத்தான் ஏப்ரல் இருக்கிறது. வேலையே மாறியிருக்க வேண்டும், இல்லை உங்கள் பதவிக்குப் புதிதாகச் சேர்ந்தவர் உங்களைவிடக் கூடுதலாக வாங்க வேண்டும், இல்லை நீங்கள் போய்விடுவீர்கள் என்ற நிஜமான பயம் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் நடுவில் கேட்டால், கேட்டதுதான் மிச்சம்.

உங்களுக்கு முதல் காரணம் இருக்கிறது, கூடவே பணமும் இருக்கிறது. போனவரின் சம்பளமும் 9 லட்சம் போல என்று வைத்துக்கொண்டால், அந்த இடம் காலியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் கம்பெனிக்கு 75,000 மிச்சம், அதுவும் இந்த வருட பட்ஜெட்டில் ஏற்கெனவே ஒதுக்கிய பணம். நீங்கள் 10 சதவீதம் கேட்டால் நவம்பரிலிருந்து மார்ச் வரை அவர்களுக்கு ஆகும் செலவு 37,500, அதாவது காலி இடத்தின் அரை மாதச் சம்பளம். அதனால் இப்போதுதான் கேட்க வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டால் வேலையும் திரும்பப் போய்விடும், பணமும் போய்விடும். ஆள் எடுப்பையே நிறுத்திவிட்டார்கள் என்றால் முதலில் விசாரியுங்கள்: அந்த இடத்தையே ரத்து செய்துவிட்டார்களானால் கேட்க வேண்டிய பணம் அங்கே இல்லை, ஆனால் வேலை நிரந்தரமாக உங்களுடையது என்ற வாதம் பலமாகிறது.

கேட்கும்போது கடன், தம்பி, வீட்டு வாடகை எதையும் வாயில் எடுக்காதீர்கள். ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள்: ஜூலைக்கு முன் எத்தனை வெண்டர் கணக்கு பார்த்தீர்கள், இப்போது எத்தனை, மாதக் கடைசி க்ளோசிங் எத்தனையாவது வேலை நாளில் முடிகிறது, ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷனில் புதிதாக உங்கள் மேல் வந்தது என்ன. மேனேஜர் இதை அப்படியே எச்ஆருக்கு மேலே அனுப்ப வேண்டும், அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். கூடவே பதவிப் பெயர் மாற்றமும் கேளுங்கள், வேலை மாறியதால் சம்பளம் மாறியது என்று காட்ட அவர்களுக்கு அது உதவும்.

இதில் ஒரு பொறி உண்டு, பலரும் கவனிப்பதில்லை. நடுவில் சம்பளம் ஏறியவர்களை 'கடந்த ஆறு மாதத்தில் திருத்தம் ஆகியிருக்கிறது' என்று ஏப்ரல் சுற்றிலிருந்து விலக்குவது, இல்லை பாதி மட்டும் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். கணக்குப் போடுங்கள். இப்போது 10 சதவீதம் வாங்கினால் 9.9 லட்சம். எதுவும் கேட்காமல் ஏப்ரலில் 9 சதவீதம் வாங்கியிருந்தாலும் 9.81 லட்சம். ஏப்ரலில் விலக்கிவிட்டால் ஐந்து மாதத்து 37,500ம், அப்புறம் வருடத்துக்கு ஒரு 9,000மும்தான் உங்களுக்கு லாபம். விலக்காமல் அதன் மேல் 9 சதவீதம் கொடுத்தால் 10.79 லட்சம். வித்தியாசம் பெரியது. அதனால் சதவீதத்துக்குப் பேரம் பேசுவதைவிட, 'ஏப்ரல் சுற்றுக்கு முழுத் தகுதி உண்டு' என்று மெயிலில் ஒரு வரி வாங்குவதில் பிடிவாதமாக இருங்கள். 10க்குப் பதில் 7 கொடுத்து இந்த வரியையும் தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஹைக் முடியாது, ஒரு தடவைத் தொகையாகத் தருகிறோம் என்றால் மறுக்க வேண்டாம், அது ஏப்ரலைத் தொடாது. அதுவும் இல்லை என்றால் இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லி மிரட்டாதீர்கள், லெட்டரைக் காட்டுங்கள் என்று கேட்டால் அங்கேயே முடிந்தது. நிஜமாகவே இண்டர்வியூவுக்குப் போங்கள். அதே ஒரு பக்கத்தை டிசம்பரில், ரேட்டிங் பேச்சு தொடங்குமுன், மறுபடி மேனேஜருக்கு மெயிலில் அனுப்புங்கள். ரேட்டிங் பூட்டிய பிறகு லெட்டர் வரும்போது அழுது பயனில்லை, அதற்கு முன் பேசுகிறவர்களுக்குத்தான் அந்த 15ம் 6ம் பிரிகிறது.