ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு இத்தாலிய மொழி வைக்கும் பொறி

"அண்ணா, வலென்சியாவில் கிடங்கு வேலையில் இருந்துவிட்டு இப்போது பொலோன்யாவுக்கு வந்திருக்கிறேன். மெ, லோ இதெல்லாம் வினைக்கு முன்னால் வருமா, பின்னால் ஒட்டுமா என்பது ஸ்பானிஷில் ஒருவழியாகப் பிடிபட்டது. அதையே இங்கே சொன்னால் சில நேரம் சரி, சில நேரம் சிரிக்கிறார்கள். முனிசிபல் கவுன்டரில் 'எனக்குச் சொல்லுங்கள்' என்று நினைத்து 'திகாமி' என்றேன், அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு மொழிக்கும் விதி ஒன்றுதானே?"

தொண்ணூறு சதவீதம் ஒன்றுதான் தம்பி. நீங்கள் விழுந்தது மீதி இருக்கும் இடத்தில்.

முதலில் ஒத்துப்போகும் பகுதியை முடித்துவிடலாம். "எனக்கு அதைத் தருகிறான்" என்பதற்கு ஸ்பானிஷில் "மெ லோ தா", இத்தாலிய மொழியிலும் "மெ லோ தா". எனக்கு, அதை, தருகிறான் என்று தமிழில் வரும் அதே வரிசை. காலமும் ஆளும் காட்டும் வினை வந்தால் இந்தச் சின்னச் சொற்கள் அதற்கு முன்னால் தனியாக நிற்கும். நமக்கு இது சிரமமே இல்லை. கட்டளை என்று வரும்போதுதான் தமிழ் கைகொடுக்காது. "எனக்கு அதைத் தா" என்று நாம் அதே வரிசையில் சொல்வோம். அவர்களோ வினையை முன்னால் வைத்து, மற்றதை அதன் வாலில் சேர்த்து ஒரே சொல்லாக்கிவிடுவார்கள்: ஸ்பானிஷில் "தாமெலோ", இங்கே "தாம்மெலோ". இங்கே 'ம்' இரட்டிப்பதைக் கவனியுங்கள். தா, தி, ஃபா, வா, ஸ்தா போன்ற ஓரசைக் கட்டளைகளில் ஒட்டினால் மெய் இரட்டிக்கும்: திம்மி, ஃபால்லோ. 'அவனுக்கு' என்ற "ல்யி" மட்டும் விலக்கு, அது இரட்டிக்காது: "அவனிடம் சொல்" என்பது "தில்யி".

இனி உங்கள் கவுன்டர் விவகாரம். ஸ்பானிஷில் மரியாதைக் கட்டளைக்கும் ஒட்டுதான். நண்பனிடம் "திமெ", அதிகாரியிடம் "தீகமெ". வினை மாறுகிறது, மெ வாலிலேயே இருக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து "திகாமி" என்றீர்கள். இத்தாலிய மொழியில் நண்பனிடம் "திம்மி". மரியாதையாகப் பேசும்போது "மி தீகா". மி முன்னால் போய்விடும், ஒட்டாது. காரணம் இருக்கிறது. மரியாதைக்கு இங்கே தனிக் கட்டளை உருவம் கிடையாது. "அவர் சொல்லட்டும்" என்ற வகை வினையைக் கடன் வாங்கித்தான் மரியாதை காட்டுகிறார்கள். அதனால் மற்ற வினைகளைப் போலவே அதற்கும் மி முன்னால் நிற்கிறது. ஸ்பானிஷும் அதே வகை வினையைத்தான் கடன் வாங்குகிறது, ஆனால் கட்டளையாக்கியதும் கட்டளைபோலவே நடத்துகிறது. ஒரே பாட்டி பெற்ற பேத்திகள், பழக்கம் மட்டும் வேறு.

இதற்கான சான்று தினமும் உங்கள் காதில் விழுகிறது. பஸ்ஸில் உங்கள் வயதுப் பையன் இடித்துவிட்டால் "ஸ்கூஸமி" என்பான். அதே பையன் வயதானவரை இடித்தால் "மி ஸ்கூஸி". உட்காரச் சொல்ல டாக்டர் அறையில் "சி அக்கோமொதி" என்பார்கள், நண்பன் வீட்டில் "அக்கோமொததி". இந்த இரண்டு ஜோடியும் மனதில் இருந்தால் விதியை ஒப்பிக்கவே வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கேட்கும் அதிகாரி "மெ லோ தீயா" என்பார். ஸ்பெயினில் அதே ஆள் "தேமெலோ" என்றிருப்பார். ஆனால் பலரைப் பார்த்துச் சொல்லும்போதும் ("தீதெமி"), "நாம் செய்வோம்" என்னும்போதும் இத்தாலிய மொழியிலும் ஒட்டுதான். ஒருவரை மரியாதையாகச் சொல்லும் இடம் மட்டுமே வேறு.

நம் ஆட்கள் பலருக்கு இது தாமதமாகத்தான் தெரிகிறது. சமையலறையிலும் கிடங்கிலும் எல்லோரும் எல்லோரையும் "நீ" என்றுதான் கூப்பிடுவார்கள், காதில் விழுவதெல்லாம் தாம்மி, பாஸ்ஸமெலோ, ஃபால்லோ. அங்கே கற்றதை அப்படியே கவுன்டரில் சொன்னால் இலக்கணம் சரியாக இருக்கும், மரியாதை போய்விடும்.

"செய்யாதே" என்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. "அதைத் தொடாதே" என்பதற்கு ஸ்பானிஷில் ஒரே வழி: "நோ லோ தோகெஸ்". மறுப்பு வந்தால் லோ முன்னால் ஓடிவிடும், ஒட்டவே முடியாது. இத்தாலிய மொழியில் "நீ"யிடம் தடை சொல்ல, "தொட" என்ற மூல வினையையே போடுகிறார்கள். மூல வினை என்பதால் ஒட்டலாம்: "நொன் தொக்கார்லோ". முன்னால் வைக்கவும் செய்யலாம்: "நொன் லோ தொக்காரே". இரண்டும் சரி. மரியாதைக்கு மட்டும் "நொன் லோ தொக்கி", அதாவது முன்னால்தான்.

அடுத்து இரண்டு வினைகள் சேர்ந்து வரும் இடம். "அதை வாங்க விரும்புகிறேன்": ஸ்பானிஷில் "கியேரோ கொம்ப்ரார்லோ" அல்லது "லோ கியேரோ கொம்ப்ரார்", இங்கே "வோல்யோ கொம்ப்ரார்லோ" அல்லது "லோ வோல்யோ கொம்ப்ராரே". ஒட்டும்போது இத்தாலிய மூல வினையின் கடைசி 'எ' விழுந்துவிடும். பொருள் மாறாது. பேச்சில் முன்னால் வைப்பதை நிறையக் கேட்பீர்கள், இத்தாலியின் தெற்கே இன்னும் அதிகம். ஆனால் முன்னால் தாவும் இந்தச் சலுகை எல்லா வினைக்கும் கிடையாது. விரும்பு, முடியும், வேண்டும், தொடங்கு போன்றவற்றோடுதான் செல்லும். "செய்தாக வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லும் "ஐ கே அஸேர்லோ"விலோ, இத்தாலிய "பிஸோன்யா ஃபார்லோ"விலோ லோ முன்னால் போகாது. ஆகவே சந்தேகம் வந்தால் மூல வினையோடு ஒட்டிவிடுங்கள். இந்த வகை வினைகளோடு இரண்டு மொழியிலும் அது சரி.

இரண்டு சொற்கள் இருந்தால் அவற்றைப் பிரிக்காதீர்கள். "எனக்கு அதைத் தர முடியுமா?" என்பதற்கு "புவோய் தார்மெலோ?" சரி, "மெ லோ புவோய் தாரே?" சரி. ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்து "மி புவோய் தார்லோ?" என்றால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

கடைசியாக அழுத்தம். ஒட்டிய பிறகும் அழுத்தம் பழைய இடத்திலேயே இருக்கும். ஸ்பானிஷ் அதை எழுத்தில் காட்டிவிடும்; "தாமெலோ"வின் முதல் உயிரின் மேல் ஒரு கோடு நிற்கும், பார்த்துப் படித்தாலே போதும். இத்தாலிய மொழி எதையும் காட்டாது. "எனக்குப் போன் போடு" என்பது "தெலேஃபொனமி", அழுத்தம் "லே"யில், கடைசியிலிருந்து நான்காவது அசையில். ஒட்டியதால் சொல் நீண்டதும் நம் நாக்கு தானாகக் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தி "தெலெஃபொநாமி" ஆக்கிவிடும். அப்போது சொல் தெரிந்தாலும் எதிராளி "என்ன?" என்பார். ஒட்டாத "தெலேஃபொன"வை ஒரு தடவை சொல்லிவிட்டு, அதே இடத்தில் அழுத்தி "மி"யை மெதுவாகச் சேர்த்துப் பாருங்கள்.