ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு: அத்தர் பாட்டில் படம் பற்றி வாசகர் கேள்விகள்

ரம்ஜான் நெருங்க நெருங்க, ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை அத்தர் விற்கும் கடைக்காரர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. கண்ணாடி பாட்டில், கருமையான பின்னணி, ஓரத்தில் பளிச்சென்ற கோடு. இதை வீட்டிலேயே எடுப்பது எப்படி? வந்தவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கறுப்புத் துணி முன்னால் பாட்டிலை வைத்து, இருபக்கமும் எல்இடி பல்பு வைத்து எடுத்தேன் சார். பாட்டிலே தெரியவில்லை. மூடி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. கண்ணாடியில் இரண்டு பல்பும் புள்ளியாகத் தெரிகிறது. இன்னும் பெரிய பல்பு போட வேண்டுமா? (ஆம்பூர்)

வேண்டாம். 100 வாட் போட்டாலும் அதே புள்ளிதான், இன்னும் கண்ணைக் கூசும். மரமோ துணியோ மேலே விழுந்த வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும், அதனால் நமக்குத் தெரியும். கண்ணாடி அப்படிச் செய்வதில்லை. வெளிச்சத்தை ஊடே விட்டுவிடும், அல்லது முகம் பார்க்கும் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். ஆகவே பாட்டிலின் மேல் வெளிச்சம் அடிப்பதில் பலனில்லை. பாட்டில் எதைப் பார்க்கிறதோ, அதற்கு வெளிச்சம் கொடுக்க வேண்டும். உங்கள் பாட்டில் பார்த்தது இரண்டு சின்ன பல்புகளை. காட்டியதும் அதைத்தான்.

அதற்குத் தேவை, படச் சட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கும் இரண்டு உயரமான வெள்ளைப் பரப்புகள். ஒரு சாதாரண 50 மில்லி உருளை பாட்டிலை வைத்துக்கொள்வோம். உயரம் சுமார் 10 சென்டிமீட்டர், அகலம் 4. கேமரா இரண்டடி தள்ளி, ட்ரைபாடில். முதலில் கேமராவை வைத்து, பாட்டிலைச் சட்டத்துக்குள் சரியாக அமைத்துவிடுங்கள். அதன்பின் அதை அசைக்கவே கூடாது, ஏனென்றால் மற்ற எல்லாமே அந்தச் சட்டத்தின் விளிம்பை வைத்துத்தான்.

இனி, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ட்ரேசிங் பேப்பரை ஓரடி அகலம், இரண்டடி உயரத்துக்கு வெட்டி, அட்டைச் சட்டத்தில் விறைப்பாக ஒட்டுங்கள். இப்படி இரண்டு. பாட்டிலுக்கு இருபக்கமும், அரையடி பின்னால் தள்ளி, பாட்டிலைப் பார்த்தபடி சாய்வாக நிறுத்துங்கள். வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே தாளை மெல்ல உள்ளே தள்ளுங்கள். அதன் ஓரம் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்ததும் ஒரு விரல் அளவு வெளியே இழுத்து நிறுத்துங்கள். விளக்கு தாளுக்கு வெளிப்பக்கம், ஓரடி தூரத்தில். விளக்கைத் தாளின் நடுவை நோக்கித் திருப்பினால் கோடு முழுக்க ஒரே வெள்ளையாகத் தட்டையாக இருக்கும். பின்னணிப் பக்கம் இருக்கும் தாளின் ஓரத்தை நோக்கித் திருப்பினால், பாட்டிலின் விளிம்பில் பளிச்சென்று தொடங்கி உள்பக்கமாக மெல்ல மங்கும். விளம்பரப் படங்களில் நீங்கள் பார்க்கும் அழகு இந்த மங்கல்தான்.

எங்கே தவறு என்று கோடே சொல்லிவிடும். கோட்டுக்கும் பாட்டிலின் விளிம்புக்கும் இடையில் கறுப்பு இடைவெளி இருந்தால், தாள் சட்டத்திலிருந்து ரொம்ப தூரம் விலகி நிற்கிறது, உள்ளே தள்ளுங்கள். கோடு பட்டையாகி பாட்டிலின் பாதியை மூடினால், தாள் கேமரா பக்கம் அதிகமாக நீண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்துக்கொண்டே வாருங்கள், கோடு மெலிந்துகொண்டே வரும். கோடு பாட்டிலின் தோளில் பாதியிலேயே அறுந்தால் தாளின் உயரம் போதவில்லை. கோட்டுக்குள் அலை அலையாகத் தெரிந்தால் தாளில் சுருக்கம். இருபக்கமும் ஒரே தடிமன் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால்தான் பாட்டில் உருண்டையாகத் தெரியும் என்பது என் கணிப்பு.

ஃபிளாஷ் என்றால் ISO 100, f/11, 1/125 என்று தொடங்கலாம். எல்இடி என்றால் அதே ISO, அதே துளை. நேரத்தை மட்டும் நீட்டிக்கொள்ளுங்கள். ட்ரைபாட் இருக்கிறது, அரை நொடி ஆனாலும் பாட்டில் ஓடிப்போகாது. அறை டியூப்லைட்டை அணைத்து, ஜன்னலையும் மூடுங்கள். அப்புறம், வெள்ளைச் சட்டை வேட்டியோடு கேமரா பின்னால் நிற்காதீர்கள். தங்க நிற மூடி ஒரு உருளைக் கண்ணாடி. அறை முழுவதையும், உங்களையும் சேர்த்துத்தான் காட்டும்.

பின்னணி ஒன்று முழுக் கறுப்பாகிறது, இல்லாவிட்டால் நடுவில் வட்டமாக வெளிச்சம் விழுகிறது. கீழே வெளிச்சமாகத் தொடங்கி மேலே இருட்டாகும் பின்னணி எப்படி வரும்? (காட்பாடி)

வெல்வெட் துணி வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வெளிச்சத்தை விழுங்கும், அதில் படிப்படியான மாற்றத்தை வரவைப்பது கஷ்டம். மங்கலான பரப்புள்ள அடர் சாம்பல் அல்லது கருநீல சார்ட் பேப்பர் போதும். பாட்டிலுக்கும் பேப்பருக்கும் இடையில் குறைந்தது நாலடி விடுங்கள். பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் அங்கே போய்ச் சேராது, பேப்பரின் சொரசொரப்பும் ஃபோகஸில் வராது.

நேர் எதிரிலிருந்து அடித்தால் வட்டம்தான் விழும். விளக்கைப் பேப்பரின் அடியில், தரையில் வைத்து, மேல்நோக்கிப் பேப்பரை உரசியபடி போகவிடுங்கள். விளக்கின் மேல் கறுப்பு சார்ட்டைக் குழாயாகச் சுருட்டி மாட்டினால் பக்கவாட்டில் சிதறாது. சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். விளக்கு பேப்பருக்கு அருகே இருந்தால் வெளிச்சம் சட்டென்று இருளும். தள்ளி வைத்தால் நிதானமாக இருளும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெள்ளைக் கோடு இருட்டுக்கு எதிரே மட்டும்தான் தெரியும். பின்னணி பிரகாசமாகும் இடத்தில் கோடு அதற்குள் கரைந்துவிடும். அதனால் முதலில் பின்னணி விளக்கை மட்டும் போட்டு ஒரு படம் எடுத்து, அதன் மிகப் பிரகாசமான இடம் வெள்ளைக் கோட்டைவிட இரண்டு ஸ்டாப்பாவது குறைவாக, அதாவது அதில் நாலில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தாண்டாதபடி வையுங்கள். பாட்டிலின் கழுத்தும் தோளும் இருட்டான பகுதிக்கு எதிரே வரட்டும், அங்கேதான் வடிவம் நுணுக்கமாக இருக்கிறது.

இன்னொன்று: திரவம் நிரம்பிய உருளை பாட்டில் ஒரு லென்ஸ். பின்னால் இருப்பதை இடவலமாகத் திருப்பிக் காட்டும். பின்னணியில் வெளிச்சம் இடப்பக்கம் என்றால் பாட்டிலுக்குள் வலப்பக்கம் தெரியும், பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். கீழிருந்து மேலாகப் போகும் மாற்றத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பந்து போன்ற பாட்டில் என்றால் மேல் கீழாகவும் திரும்பிவிடும். அதற்குச் சமமான இருட்டுப் பின்னணியே நல்லது.

அத்தர் தேன் நிறம். படத்தில் கஷாயம் மாதிரி கறுத்துவிடுகிறது. (மேல்விஷாரம்)

பாட்டிலின் ஊடே இருட்டான பின்னணிதானே தெரிகிறது, அதனால் கறுப்புதான் வரும். திரவத்துக்கென்று தனியாக வெளிச்சம் தேவை. வெள்ளி நிற அட்டையைப் பாட்டிலின் வடிவத்திலேயே, ஆனால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் சிறியதாக வெட்டுங்கள். பாட்டிலுக்கு இரண்டு விரல் பின்னால், மெல்லிய கம்பியில் ஒட்டி, சற்று மேல்நோக்கிச் சாய்த்து நிறுத்துங்கள். மேலிருந்து ஒரு சிறு விளக்கு அதன் மேல் விழ வேண்டும். தேன் நிறம் உடனே உயிர்பெறும். உருளை பாட்டில் அட்டையை அகலமாக்கிக் காட்டும் என்பதால், பாட்டிலின் பாதி அகலத்துக்கு வெட்டினாலே பெரும்பாலும் போதும். அட்டையின் ஓரம் பாட்டிலுக்குள் கோடாகத் தெரிந்தால் இன்னும் நறுக்குங்கள். பொன்னிற அட்டை வைக்கலாமா என்றால், அத்தரின் உண்மையான நிறம் மாறிவிடும். வாங்குபவர் பாட்டிலைத் திறந்ததும் கேள்வி வரும்.

எண்ணெய் அத்தரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சந்தன எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, கண்ணாடிக்கும் ஏறக்குறைய அதேதான். அதனால் எண்ணெய் தொட்டிருக்கும் இடத்தில் கண்ணாடியின் உட்சுவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, பாட்டில் கெட்டியான ஒரே கட்டியாகத் தெரியும். எண்ணெய் இல்லாத மேல் பகுதியில் உட்சுவர் பளிச்சென்று தெரியும். ஒரே பாட்டிலில் இரண்டும் சேர்ந்தால் அசிங்கம். படத்துக்கு மட்டுமாவது தோள் வரை நிரப்பி, குமிழி அடங்கும் வரை விட்டு எடுங்கள். ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரேயில் ஒளிவிலகல் எண் 1.36 பக்கம் இருப்பதால் உட்சுவர் முழுக்கத் தெரியும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயும் தெரியும். குழாயைக் கழற்ற முடியாவிட்டால், கேமராவுக்கு நேராக நடுவில் வரும்படி திருப்பி வையுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடி மேல் வைத்து எடுத்தால் நிழல் உரு இரண்டாகத் தெரிகிறது. (ராணிப்பேட்டை)

மேல் பரப்பு ஒரு உருவத்தையும், அடியில் உள்ள ரசப்பூச்சு இன்னொன்றையும் காட்டுகிறது. போர்டு எழுதும் கடைகளில் கிடைக்கும் பளபளப்பான கறுப்பு அக்ரிலிக் வாங்குங்கள், ஒரே உரு வரும். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளைப் படம் எடுக்கும் நேரத்தில்தான் உரிக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் அதுவே தூசியை இழுக்கும், லேசாக ஈரம் வைத்துத் துடையுங்கள்.

லேபிளில் தங்க எழுத்து. ஓர வெளிச்சத்தில் எழுத்து கறுத்துவிடுகிறது. போலரைசர் வாங்கினால் சரியாகுமா? (குடியாத்தம்)

ஆகாது. கண்ணாடியின் மேல் உள்ள பிரதிபலிப்பை அது நன்றாக வெட்டுவது சுமார் 56 டிகிரி சாய்வில்தான். நேர் எதிரில் எடுக்கும்போது பலன் மிகக் குறைவு. உங்கள் சிக்கலோ அதற்கு நேர்மாறானது. தங்க எழுத்துக்குப் பிரதிபலிக்க ஒன்றுமில்லை. இருட்டான லென்ஸைத்தான் பார்க்கிறது, அதனால் கறுப்பு.

லென்ஸுக்கு ஒட்டியபடி ஒரு பக்கம் வெள்ளை அட்டை வைத்து, அதற்கு வெளிச்சம் கொடுத்து, எழுத்து ஒளிரும் வரை அட்டையை நகர்த்துங்கள். தட்டையான முகம் உள்ள பாட்டில் என்றால் பாட்டிலையும் ஓரிரு டிகிரி திருப்ப வேண்டிவரும். ஆனால் எழுத்து ஒளிரும்போது கண்ணாடி முகத்திலும் வெண்மை படரும், அதைத் தவிர்க்க முடியாது. எனவே இரண்டு படம் எடுங்கள்: அட்டை இல்லாமல் ஒன்று, அட்டையோடு ஒன்று. பாட்டில் அசையக் கூடாது, திருப்புவதை முதல் படத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு இரண்டாவதிலிருந்து எழுத்தை மட்டும் மாஸ்க் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பின்னணி படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிகிறது. (வாணியம்பாடி)

இருண்ட பின்னணியில் மெல்ல மாறும் சாயலுக்கு 8 பிட் JPEG-இல் படிகள் போதாது. வாட்ஸ்அப் இன்னும் சுருக்குகிறது. RAW-இல் எடுத்து, 16 பிட்டில் திருத்தி, JPEG ஆக்கும் முன் பின்னணியில் மட்டும் மிக லேசாக நாய்ஸ் சேருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், படிகள் உடைந்துவிடும். அனுப்பும்போது படமாக அல்லாமல் டாகுமெண்டாக அனுப்புங்கள்.