டிஸ்க் வாங்குமுன் அவர் பெட்டியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள்

கேள்வி: அண்ணா, என் வீட்டுக்காரருக்கு 36 வயது. செம்பனை மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்தால் பிஎஸ்5-இல் பந்து விளையாட்டுதான். தீபாவளிக்கு அவருக்குத் தெரியாமல் ஒரு கேம் வாங்கித் தர ஆசை. கையில் 350 வெள்ளி இருக்கிறது. கடையில் போய் "ஃபிஃபா இருக்கா" என்று கேட்டால் போதுமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: போதாது, தங்கச்சி. அப்படிக் கேட்டால் கடைக்காரர் ஒரு பொய்யும் சொல்லாமலே பழைய சரக்கை உங்கள் கையில் கொடுத்துவிட முடியும். ஃபிஃபா என்ற பெயரில் அந்த ஆட்டத்தைச் செய்யும் EA நிறுவனம் கடைசியாக விட்டது 2022-இல் வந்த FIFA 23. அடுத்த வருஷமே பெயர் மாறிவிட்டது. 2023-இல் FC 24, 2025 செப்டம்பரில் FC 26 என்று, எப்போதும் அடுத்த ஆண்டின் எண்ணைப் போட்டு வருகிறது. நம் ஆட்கள் இன்னும் வாயால் ஃபிஃபா என்றுதான் சொல்கிறார்கள், உங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார். கடையில் கேட்க வேண்டியது FC, கூடவே எண்.

ஆனால் பெயருக்கு முன்னால் பெட்டியைப் பார்க்க வேண்டும். பிஎஸ்5 எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. அவர் காலை ஷிப்டுக்குப் போனதும் டிவி பக்கத்தில் போய்ப் பாருங்கள். முன்பக்கம் மெல்லிய நீளமான ஓட்டை ஒன்று தெரிந்தால், அந்தப் பக்கம் கொஞ்சம் புடைத்தும் இருந்தால், டிஸ்க் போகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒல்லியாக இருந்தால் போகாது. சந்தேகமாக இருந்தால் பெட்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் CFI என்று தொடங்கும் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த பழைய வகையிலும், அதற்குப் பிறகு வந்த ஸ்லிம் வகையிலும் கடைசி எழுத்து A என்றால் டிஸ்க் உள்ளது, B என்றால் இல்லாதது. பெட்டியைத் திருப்பும்போது வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது அணையவில்லை, தூங்குகிறது. அந்த நேரத்தில் கரண்டைப் பிடுங்கினால் அடுத்த முறை திறக்கும்போது எச்சரிக்கை காட்டும், உங்கள் இரகசியமும் போய்விடும்.

டிஸ்க் இல்லாத பெட்டியிலும் இரண்டு ஜாதி உண்டு. பழையதில் ஒவ்வொரு பக்கமும் ஒரே முழு வெள்ளை மூடி. அதற்கு எந்தக் காலத்திலும் டிஸ்க் டிரைவ் மாட்ட முடியாது. 2023 கடைசியில் வந்த ஸ்லிம் வகையில் மூடி நடுவில் ஒரு கோடு பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். அதற்கென்று தனியாக விற்கும் டிரைவை மாட்டலாம், முதல் தடவை இணையம் வேண்டும். கடையில் "பிஎஸ்5 டிரைவ்" என்று மட்டும் கேட்டு, பழைய பெட்டிக்கு வாங்கிக்கொண்டு போய் மாட்ட இடம் இல்லாமல் நின்றவர்கள் உண்டு.

சரி, ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது FC டிஸ்க் வாங்கலாம். அதிலும் ஒரு கண் வேண்டும். இதே ஆட்டம் பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுக்கும் தனித்தனி பெட்டியில் விற்கிறது. மேல்பட்டையில் PS5 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5-இல் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் ஓடுவது பழைய மெஷினுக்குச் செய்த ஆட்டம். தள்ளுபடித் தட்டில் இருப்பது பெரும்பாலும் அதுதான். சில பெட்டிகளில் டிஸ்கே இல்லாமல், ஆட்டத்தை இணையத்தில் இறக்குவதற்கான கோடு எண் மட்டும் ஒரு தாளில் இருக்கும். சீலைப் பிரிக்காமலே பின்பக்கம் எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள்.

பெட்டியின் ஓரத்தில் R1, R3 என்று ஏதாவது போட்டிருக்கலாம், அது விற்கும் வட்டாரம். ஆசியாவுக்கு R3. வேறு நாட்டு டிஸ்கும் இங்கே ஓடும், அதனால் இம்போர்ட் செட் என்று சொல்லி மலிவாகத் தருவார்கள். ஓடுவதோடு கதை முடியாது. அந்த டிஸ்கோடு வரும் கோடு எண்ணும், பிறகு அவர் PlayStation Store என்ற இணையக் கடையில் வாங்கும் கூடுதல் சரக்கும் டிஸ்கின் வட்டாரத்தோடு பொருந்த வேண்டும். அவருடைய PlayStation கணக்கு மலேசியாவில் இருந்தால் R3 வாங்குங்கள்.

கணக்கு எந்த நாட்டில் என்று எப்படித் தெரியும்? அவர் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, PlayStation Store-ஐத் திறந்தால் விலை எதில் காட்டுகிறது என்று பாருங்கள். RM என்றால் மலேசியா. டாலரில் காட்டினால் வேறு நாட்டுக் கணக்கு. நம் பிள்ளைகள் பலர் கணக்கு திறக்கும்போது அமெரிக்கா என்று போட்டுவிடுவார்கள், பிறகு அதை மாற்ற முடியாது. அந்தக் கணக்கில் பணம் ஏற்றும் கூப்பன் கார்டு வாங்குவதாக இருந்தால் இதுதான் உயிர். வெள்ளிக் கார்டு அமெரிக்கக் கணக்கில் ஏறாது, டாலர் கார்டு மலேசியக் கணக்கில் ஏறாது.

ஓட்டை இல்லாவிட்டால் அந்தக் கார்டுதான் உங்களுக்கு வழி. அவரே FC வாங்கி இறக்கிக்கொள்வார். ஆனால் இந்த ஆட்டம் பல பத்து ஜிபி. தோட்டத்துப் பக்கம் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வீட்டு இணையம் ஓடுகிறதென்றால், தீபாவளி அன்று காலை கொடுத்து மறுநாள்கூட விளையாட முடியாமல் போகலாம். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மூன்று நாள் முன்னமே கொடுங்கள், ஆச்சரியம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கூட்டாளிகளோடு ஆன்லைனில் விளையாட PlayStation Plus சந்தா வேண்டும். அவரிடம் FC ஏற்கெனவே இருந்தால் சந்தாவே நல்ல பரிசு, கார்டுப் பணத்தில் அதையும் எடுக்கலாம்.

சரக்கு சாமான் பக்கம் போக எனக்கு மனசில்லை, இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகனுக்கு நான் ஒரு தடவை புளூடூத் ஹெட்செட் வாங்கிப் போனேன். ஈப்போவில் ஒரு கடை, "எல்லாத்துக்கும் ஓடும்" என்று சத்தியம் செய்தார்கள். பிஎஸ்5 சாதாரண புளூடூத் ஹெட்செட்டை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளாது என்பது மாட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கடையில் திருப்பி எடுக்கவில்லை, அந்த ஹெட்செட் இப்போது என் போனில். ஹெட்செட் கொடுப்பதானால் கண்ட்ரோலரின் கீழே உள்ள 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகும் வயர் வகை போதும், அதில் குழப்பமே வராது.

வாங்கும்போது ஒரு சொல் கேளுங்கள்: "சீல் பிரிக்காட்டி மாத்திக்கலாமா, எத்தனை நாள்?" அதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொன்ன பொருள் வேறு கொடுத்த பொருள் வேறு என்றால் உங்கள் பக்கம் நிற்கும். 5 வெள்ளி கட்டி பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். நீங்களே தவறான பெட்டியை எடுத்துவிட்டால் அது கடைக்காரர் குற்றமாகாது, ரசீதில் உள்ள அந்த ஒரு வரிதான் உதவும். ஆன்லைனில் வாங்கினால் விற்பவரிடம் "இது PS5 டிஸ்க்தானே, R3தானே" என்று சாட்டில் கேட்டு, பதில் வந்ததைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு என்றால் கோடு எண்ணைச் சுரண்டாமல் அப்படியே கவரில் போட்டுக் கொடுங்கள். ஒரு தடவை ஏற்றிவிட்டால் கடையில் திருப்ப முடியாது. அழகாக இருக்கிறதென்று படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், எண்ணைப் பார்த்த எவர் வேண்டுமானாலும் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.