பத்து எபிசோட், பத்துக் கதை, அடியில் ஒரு மர்மம்: கேள்வி பதில்

மழைக்குருவி: அக்கா, பத்து எபிசோடுக்கும் தனித்தனிக் கதை ஓரளவு கையில இருக்கு. அடியில ஓடுற மர்மத்தை எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.

உண்மையில் என்ன நடந்தது என்பதை முதலில் ஒரே பக்கத்தில், நடந்த வரிசையிலேயே எழுதிவிடுங்கள். அதை யார், எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்ற பேச்சே இப்போது வேண்டாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பெரிய ரயில் நிலையம் ஒன்றில் தொலைந்த பொருள் அலுவலகம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் நாயகி. எபிசோடுக்கு ஒரு பொருள், அதற்கு உரியவர், அவருடைய கதை. அடியில் ஓடும் கேள்வி: இதே நாற்காலியில் இருபது வருஷம் இருந்தவர் ஏன் ஒரே நாளில் வேலையை விட்டுப் போனார்?

உண்மை இது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பெட்டி வந்தது. திறந்து பார்த்தால், அவர் சண்டை போட்டு வீட்டை விட்டுத் துரத்திய தம்பியின் பெட்டி. யாரும் கேட்டு வராத பொருள் ஏலத்துக்குப் போய்விடும் என்பதால், 'உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று பதிவேட்டில் பொய்க் கையெழுத்துப் போட்டு அதை ஒளித்து வைத்தார். தம்பி ஒருநாள் வருவான் என்று காத்திருந்தார். வந்தது தம்பியின் மகள். அவளிடம் பேச முடியாமல் அன்றே போய்விட்டார்.

இனி, இந்தச் சம்பவம் எதையெல்லாம் விட்டுச் சென்றிருக்கும் என்று யோசியுங்கள். பொய்க் கையெழுத்து, பெட்டி இருக்கும் லாக்கர், அதற்கு அவர் மாதாமாதம் கட்டிய வாடகை ரசீது, அந்தப் பெண் அழுதபடி போனதைப் பார்த்த துப்புரவுப் பணியாளர். நான்கைந்து தடயம் தேறினால் போதும். பத்து, பன்னிரண்டு என்று போனால் மர்மம் மேலே வந்து அன்றன்றைய கதையை விழுங்கிவிடும்.

கதைப்பித்தன்: ஒவ்வொரு எபிசோட் முடியும்போதும் மர்மத்துல ஒரு ட்விஸ்ட் வெச்சாத்தானே அடுத்ததைப் பார்ப்பாங்க?

அடுத்ததுக்கு இழுக்க ஏதாவது வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தினமும் கடைசி இரண்டு நிமிஷத்தில்தான் மர்மம் வரும் என்று பார்ப்பவருக்குப் பழகிவிட்டால், அதற்கு முந்தைய நாற்பது நிமிஷத்தை அவர் காத்திருக்கும் நேரமாகத்தான் பார்ப்பார். அன்றைய கதை நெகிழ்ந்து முடியும் இடத்தில் திடீரென்று ஒரு மர்ம இசை வந்தால் இரண்டுமே கெடும்.

அந்தக் கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு எபிசோடைப் படித்துப் பாருங்கள். வேறெதுவும் மாறவில்லை என்றால் தடயம் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைய சிக்கலைத் தீர்க்க அவசியமான ஒரு வேலையின் நடுவில் தடயம் கண்ணில் பட வேண்டும்.

நம் உதாரணத்தில் மூன்றாவது எபிசோட். ஒரு முதியவர் தன் வயலினைக் கேட்டு வருகிறார். ஏற்கெனவே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்கிறது பதிவேடு. அவரோ கைநாட்டு வைப்பவர். அப்படியானால் வேறு யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள். அதே கையெழுத்து வேறெங்காவது இருக்கிறதா என்று நாயகி பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறாள். ஒரு பக்கத்தில், பெற்றுக்கொண்டவர் கையெழுத்திலும் அதிகாரி கையெழுத்திலும் ஒரே மாதிரி இழுத்துவிட்ட கடைசிச் சுழி. விரல் ஒரு நொடி நிற்கிறது. ஆனால் அவள் தேடுவது அது இல்லை. பக்கத்தைப் புரட்டுகிறாள். இரண்டு பக்கம் தள்ளி வயலின் திருடனின் கையெழுத்து கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு எபிசோடை மட்டும் பார்ப்பவருக்கு இது தேடலில் ஒரு தயக்கம், அவ்வளவுதான். தொடர்ந்து பார்ப்பவர் அந்தச் சுழியை மறக்க மாட்டார்.

நிலாச்சோறு: ஒவ்வொரு எபிசோட்லயும் ஆட்களே வேறயா இருக்கும்போது மர்மத்தை யார் சுமப்பாங்க?

நீங்கள் கேட்பது ஆந்தாலஜி. நான் பேசுவது ஒரே நாயகி, தினம் ஒரு கதை என்ற அமைப்பு. ஆந்தாலஜியில் ஒரு இடமோ பொருளோதான் மர்மத்தைச் சுமக்க முடியும், தெரிந்துகொள்வதும் பார்வையாளர் மட்டும்தான். அதன் கணக்கே வேறு.

இரவுப்பறவை: நான் எட்டு எபிசோட் எழுதிட்டேன். நாயகன் டாக்டர், வாரம் ஒரு நோயாளி. அவர் மனைவி எப்படி இறந்தாங்கங்கிறது மர்மம். படிச்ச நண்பர்கள் எல்லாரும் அஞ்சுலயே அது விபத்து இல்லன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. பத்து வரைக்கும் எப்படி மறைக்கிறது?

மறைக்காதீர்கள். ஐந்தில் யூகித்துவிட்டார்கள் என்றால் ஐந்திலேயே சொல்லிவிடுங்கள். மெதுவான மர்மம் பெரும்பாலும் தொய்வது ஆறு, ஏழில்தான். ஒரே கேள்வியைப் பத்து எபிசோடுக்கு இழுப்பதுதான் காரணம். பாதியில் ஒரு விடை கிடைக்க வேண்டும், அந்த விடை கேள்வியை மாற்ற வேண்டும்.

ரயில் நிலையக் கதையில் ஒன்றில் அவருடைய காலி நாற்காலி, மூன்றில் கையெழுத்து. ஐந்தில், அவர் பொய்க் கையெழுத்துப் போட்டார் என்பது உறுதியாகிவிடுகிறது. அதுவரை 'ஏன் போனார்' என்பது கேள்வி. இப்போது 'அவர் திருடனா' என்பது கேள்வி. ஏழில் ரசீது, எட்டில் துப்புரவுப் பணியாளர். ஒன்பதில் தம்பி மகள் பெட்டியைக் கேட்டு மறுபடி வருகிறாள், அன்றைய கதையே மர்மமாகிவிடுகிறது. நான்கிலும் ஆறிலும் தடயமே கிடையாது.

உங்கள் கதையில், மனைவியின் மரணம் விபத்து இல்லை என்று ஐந்தில் தெரியட்டும். அதற்குப் பிறகு, டாக்டருக்கு அது முன்பே தெரியுமா என்பது கேள்வியாகட்டும். ஆறில் புதுத் தடயம் வேண்டாம். ஆனால் தெரிந்துகொண்டதன் பாரம் தெரிய வேண்டும். வழக்கமாக நோயாளியின் உறவினரிடம் பொறுமையாகப் பேசுகிறவர் அன்று ஒரு கணவனிடம் சந்தேகத்தோடு கேள்வி கேட்கிறார். அது போதும்.

பழைய எடிட்டர்: மேடம், காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். எடிட் டேபிளில் எபிசோட் நீளமாகிவிட்டால் முதலில் கத்தரி விழுவது அந்த ஒரு நொடித் தயக்கத்தில்தான். சில சமயம் நாலையும் ஆறையும் இடம் மாற்றச் சொல்வார்கள். அப்போது என்ன செய்வீர்கள்?

நான்கையும் ஆறையும் தடயமில்லாமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம், சார். ஆனால் மேலே சொன்னபடி ஆறில் ஐந்தின் பாரம் இருந்தால் இடம் மாற்ற முடியாது. அதனால் அந்தப் பாரத்தை ஒரே காட்சியில் வைப்பேன், மாற்றினால் அந்தக் காட்சியை மட்டும் எடுத்துவிடலாம். ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் நாயகிக்கு என்ன தெரியும், பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்று இரண்டு பத்தியில் ஒரு அட்டவணை வைத்துக்கொள்வேன். மாற்றம் வந்தால் எது உடைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பழைய எடிட்டர்: சரி. அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை இரண்டு மூன்று அளவில், விரலோடும் விரல் இல்லாமலும், தனி ஷாட்டாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது எபிசோடின் ஃபிளாஷ்பேக்குக்கு அது கட்டாயம் தேவைப்படும், அதற்குள் செட்டைப் பிரித்திருப்பார்கள்.

அது எனக்குத் தோன்றவே தோன்றாது. ஸ்கிரிப்டிலேயே குறித்துவிட வேண்டியதுதான்.

மழைக்குருவி: மூணுல பார்த்த கையெழுத்து ஏழுல யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆரம்பத்துல முன்கதைச் சுருக்கம் போட்டுடலாமா?

சுருக்கத்தில் பதிவேட்டைக் காட்டினால், இன்று பதிவேடு வரப்போகிறது என்று முதல் நிமிஷத்திலேயே சொன்னதாகிவிடும். அதைவிட, ஏழில் ரசீதைப் பார்த்ததும் நாயகியே பழைய பக்கத்தைத் தேடி எடுத்து அருகில் வைத்துப் பார்க்கட்டும்.

பழைய எடிட்டர்: இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். வாரம் ஒன்றாக வந்தால் மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு மாசம். சுருக்கம் இல்லாமல் பாதிப் பேரைத் தொலைத்துவிடுவீர்கள்.

வாரம் ஒன்றாக வந்தால் நீங்கள் சொல்வது நடக்கலாம். பத்தும் ஒரே நாளில் வந்தால் சுருக்கம் தேவையே இல்லை. எப்படி வெளிவரும் என்பது எழுதும்போது பல சமயம் எனக்குத் தெரியாது என்பதால், தேடி எடுக்கும் காட்சியை எப்போதும் எழுதிவிடுகிறேன். சுருக்கம் போடுவதா என்பதை எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம்.